பெயரில் ஓரெழுத்துப் பிழையா? பிரமாணப் பத்திரம் எங்கே செல்லும், எங்கே செல்லாது

சம்பா நடவுக்கு நாற்று தயாராக இருக்கிறது. பயிர்க்கடன் கேட்டுக் கூட்டுறவுச் சங்கத்துக்குச் செல்கிறீர்கள். பட்டாவில் 'வேலுசாமி' என்றும் ஆதார் அட்டையில் 'வேலுச்சாமி' என்றும் இருக்கிறது. "இருவரும் ஒருவரே என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று செயலாளர் கேட்கிறார். இந்தக் கேள்விக்கு நீங்கள் எழுத்தில் தரும் பதிலே பிரமாணப் பத்திரம். இதனை 'அபிடவிட்' என்றும் சொல்வார்கள்.

முதலில் ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள். பிரமாணப் பத்திரம் இரண்டு பெயர்களையும் இணைத்துக் காட்டும் பாலம் மட்டுமே. பட்டாவிலோ ஆதாரிலோ உள்ள எழுத்தை அது திருத்தாது.

என்ன எழுத வேண்டும்?

முத்திரைத்தாளை உங்கள் பெயரிலேயே வாங்குங்கள். இதற்கான முத்திரைத் தீர்வை அவ்வப்போது மாறுவதால், இப்போதைய மதிப்பை விற்பனையாளரிடம் கேட்டறியுங்கள். மேலே சொன்ன விவசாயியின் பத்திரம் கீழ்க்கண்டவாறு அமையலாம்:

"நான் மாரியப்பன் மகன் வேலுச்சாமி, வயது 58, இன்ன கதவு எண், இன்ன கிராமம், வட்டம், மாவட்டத்தில் வசிப்பவன். என் ஆதார் அட்டையில் என் பெயர் 'வேலுச்சாமி' என்று உள்ளது. பட்டா எண் 214, புல எண் 87/2-இல் என் பெயர் 'வேலுசாமி' என்று எழுதப்பட்டுள்ளது. பட்டா எழுதியபோது 'ச்' என்ற எழுத்து விடுபட்டது. இவ்விரு பெயர்களும் என் ஒருவனையே குறிக்கும். பயிர்க்கடன் பெறுவதற்காக இதனைச் சங்கத்திற்குக் கொடுக்கிறேன். மேற்கண்டவை யாவும் நான் அறிந்தவரை உண்மை."

ஒவ்வோர் ஆவணத்திலும் பெயர் எப்படி உள்ளதோ அப்படியே எழுத்துக்கு எழுத்து எழுத வேண்டும். ஆவண எண்ணையும் குறிக்க வேண்டும். "சில ஆவணங்களில் வேறாக உள்ளது" என்று பொதுவாக எழுதினால் எந்த ஆவணம் என்று தெரியாது. அலுவலர் திருப்பி அனுப்பிவிடுவார். ஆங்கிலத்திலும் வேறுபாடு இருந்தால் அதையும் தனியே காட்டுங்கள்.

பத்திரத்தை வீட்டில் கையெழுத்திட்டு எடுத்துச் செல்லாதீர்கள். நோட்டரி வக்கீலின் முன்னிலையில்தான் உறுதிமொழி கூறி ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட வேண்டும். அசல் ஆவணங்களையும் காட்டுங்கள். நோட்டரியின் கையெழுத்து, முத்திரை, தேதி, அவருடைய பதிவேட்டு எண் ஆகிய நான்கும் இருக்கின்றனவா என்று பார்த்த பின்பே அங்கிருந்து புறப்படுங்கள். கைநாட்டு வைப்பவராயின், பத்திரம் படித்துக் காட்டப்பட்டு அவர் புரிந்துகொண்டார் என்ற வரியும் சேர வேண்டும்.

எங்கே ஏற்பார்கள்?

இரு பெயரும் ஒருவரே என்று அலுவலர் தாமே திருப்தி அடைந்தால் போதும் என்ற இடங்களில் இது பயன்படும். கூட்டுறவுச் சங்கம், வங்கி போன்றவை அத்தகையவை. அங்கும் பத்திரத்தை மட்டும் கொடுத்தால் போதாது. தகப்பனார் பெயரும் முகவரியும் எல்லா ஆவணங்களிலும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். தகப்பனார் பெயரும் மாறியிருந்தாலோ, அதே ஊரில் அதே பெயரில் வேறொரு நிலக்காரர் இருந்தாலோ மேற்கொண்டு சான்று கேட்பது இயல்பே. ஆகவே பத்திரம் எழுதுவதற்கு முன்பே, அந்த அலுவலகம் இதனை ஏற்குமா என்று கேட்டறிந்தால் செலவு வீணாகாது.

எங்கே போதாது?

பதிவேட்டையே திருத்த வேண்டிய இடங்களில் இது போதாது. பட்டாவில் பெயரைத் திருத்த வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். அங்கே கிரயப் பத்திரம் முதலிய மூல ஆவணங்களே முதன்மையானவை. பிரமாணப் பத்திரம் துணைச் சான்றுதான். பதிவான கிரயப் பத்திரத்தில் பிழையிருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பிழைத்திருத்தல் பத்திரம் பதிய வேண்டும்.

ஆதாரில் பெயரைத் திருத்த, சரியான பெயருள்ள வேறோர் அடையாள ஆவணம் தேவை. பொதுவாக ஆயுளில் இரண்டு முறைதான் பெயரை மாற்ற இயலும் என்பதால், எழுத்தை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்த பின் ஒப்புதல் கொடுங்கள்.

2019-இல் தொடங்கிய பிரதமரின் கிசான் சம்மான் நிதியில் பெயரை ஆதாருடன் ஒப்பிடுவது கணினி. கணினிக்குப் பிரமாணப் பத்திரத்தைக் காட்ட முடியாது. அங்கே விண்ணப்பத்திலுள்ள பெயரை ஆதாரில் உள்ளபடி மாற்றிக்கொள்வதே வழி.

ஆகவே கடனுக்குப் பத்திரம் கொடுத்த கையோடு, பட்டாத் திருத்த மனுவையும் கொடுத்துவிடுங்கள். இல்லையேல் நிலத்தை விற்கும்போதும், உங்களுக்குப் பின் வாரிசுகள் பட்டா மாற்றக் கேட்கும்போதும் அதே கேள்வி மீண்டும் எழும். அப்போது பிரமாணம் செய்து "அது நான்தான்" என்று சொல்ல நீங்கள் இருக்கமாட்டீர்கள்.