பயன்படுத்தாத புள்ளிகள் யாருடைய பணம்? பேரங்காடியின் கணக்கில் கணக்காய்வாளர் தேடுவது என்ன?

தெலுக் பங்லிமா காராங் - இங்குள்ள எந்தப் பேரங்காடிக்குப் போனாலும், காசாளர் முதலில் கேட்கும் கேள்வி "மெம்பர் இருக்கா?" என்பதுதான். கைப்பேசி எண்ணைச் சொன்னால் போதும், வாங்கிய பொருளுக்குப் புள்ளிகள் சேர்ந்துவிடும். கேரித் தீவுத் தோட்டத்திலிருந்து மாதச் சாமான் வாங்க வருபவரானாலும், தொழிற்பேட்டையில் வேலை முடிந்து வீடு திரும்புபவரானாலும், பலருடைய எண்ணில் இப்படிச் சில நூறு புள்ளிகள் கிடக்கின்றன. அவற்றில் ஒரு பகுதி ஒருநாளும் பயன்படுத்தப்படாமல் காலாவதியாகிவிடும்.

வாடிக்கையாளர் மறந்துபோகும் இந்தப் புள்ளிகளைக் கடைக்காரரின் கணக்குப் புத்தகம் மறப்பதில்லை. கொடுத்த புள்ளி ஒவ்வொன்றும் கடைக்கு ஒரு கடன். அந்தக் கடனில் எவ்வளவு திரும்பக் கேட்கப்படாது என்று நிர்வாகம் ஊகிக்கிறதோ, அந்த அளவுக்கு லாபம் கூடும். எனவே, ஆண்டு முடிவில் கணக்காய்வாளர் இந்த ஊகத்தைத் தனியாக எடுத்துச் சோதிக்கிறார்.

விற்பனைக்குள் இருக்கும் கடன்

மலேசியாவில் 2018 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் எம்.எப்.ஆர்.எஸ். 15 என்ற கணக்கியல் விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. வாடிக்கையாளர் 100 வெள்ளி கொடுக்கும்போது அவர் பொருளை மட்டும் வாங்கவில்லை. பின்னாளில் கிடைக்கப்போகும் கழிவையும் சேர்த்தே வாங்குகிறார். ஆகவே அந்த 100 வெள்ளியில் புள்ளிக்குரிய பங்கை உடனே வருமானமாக எழுதக் கூடாது. புள்ளி பயன்படுத்தப்படும் வரையில் அல்லது காலாவதியாகும் வரையில் அது கடனாகவே நிற்க வேண்டும்.

ஒரு கற்பனைக் கடையை வைத்து இதைப் பார்ப்போம். ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளி. ஒரு வெள்ளிக்கு ஒரு புள்ளி. 100 புள்ளிக்கு ஒரு வெள்ளி கழிவு. அப்படியானால் கடை கொடுத்த 10 லட்சம் புள்ளிகளின் முகமதிப்பு 10,000 வெள்ளி. அவற்றில் 80 விழுக்காடு பயன்படுத்தப்படும் என்று கடை எதிர்பார்க்கிறது. ஆகவே புள்ளிகளின் மதிப்பு 8,000 வெள்ளி.

வாடிக்கையாளர்கள் கொடுத்தது 10 லட்சம்தான். அந்தத் தொகையைப் பொருளுக்கும் புள்ளிக்கும் 10,00,000-க்கு 8,000 என்ற விகிதத்தில் பிரித்தால், புள்ளிகளின் பங்காகச் சுமார் 7,936 வெள்ளி வரும். இதுதான் கடனாக ஒதுக்கப்படும் தொகை. ஆண்டு முடிவதற்குள் 3 லட்சம் புள்ளிகள் பயன்படுத்தப்பட்டிருந்தால், எதிர்பார்த்த 8 லட்சத்தில் அது எட்டில் மூன்று பங்கு. 7,936-இல் எட்டில் மூன்று பங்கான 2,976 வெள்ளி வருமானமாகும். மீதி 4,960 வெள்ளி கடனாகவே அடுத்த ஆண்டுக்குப் போகும்.

இப்போது அதே கடை 80-க்குப் பதிலாக 60 விழுக்காடுதான் பயன்படுத்தப்படும் என்று எழுதியிருந்தால் என்ன ஆகும்? ஒதுக்கப்படும் கடன் சுமார் 5,964 வெள்ளியாகக் குறைந்துவிடும். கிட்டத்தட்ட 2,000 வெள்ளி உடனடி விற்பனை வருமானமாக மாறும். ஒரு பொருள்கூடக் கூடுதலாக விற்கவில்லை; மாறியது ஓர் எண் மட்டுமே. ஒரு கடைக்கு இது சிறிய தொகை. நூற்றுக்கணக்கான கிளைகள் உள்ள நிறுவனத்திற்கு இது ஆண்டு லாபத்தையே புரட்டிப் போடும். பயன்படுத்தப்படாது என்று கருதப்படும் இந்தப் பங்கைத்தான் கணக்காளர்கள் 'பிரேக்கேஜ்' என்கிறார்கள்.

60 விழுக்காடு எப்படி வந்தது?

நிர்வாகம் வேண்டுமென்றே பொய் சொல்ல வேண்டியதில்லை. தவறான முறையில் கணக்கிட்டாலே 80 என்பது 60 ஆகிவிடும்.

ஒரு திட்டத்தில் முதல் ஆண்டில் 1 லட்சம் புள்ளிகள் வழங்கப்பட்டன. திட்டம் பிரபலமாகி, இரண்டாம் ஆண்டில் 2 லட்சம் புள்ளிகள் வழங்கப்பட்டன. வாடிக்கையாளர்களின் பழக்கம் மாறவில்லை: வாங்கிய ஆண்டில் 40 விழுக்காட்டையும் மறு ஆண்டில் இன்னொரு 40 விழுக்காட்டையும் பயன்படுத்துகிறார்கள். ஆக, உண்மையில் வீணாவது 20 விழுக்காடு.

இரண்டாம் ஆண்டில் பயன்படுத்தப்பட்டவை எத்தனை? புதிய 2 லட்சத்தில் 80,000, பழைய 1 லட்சத்தில் 40,000, மொத்தம் 1,20,000. இதை அந்த ஆண்டில் வழங்கிய 2 லட்சத்தால் வகுத்தால் 60 விழுக்காடு. உடனே "40 விழுக்காடு புள்ளிகளை யாரும் கேட்க மாட்டார்கள்" என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால், அதில் பாதி கைவிடப்பட்ட புள்ளிகள் அல்ல; பயன்படுத்த இன்னும் நேரம் வராத புதிய புள்ளிகள்.

இதனால்தான் அனுபவமுள்ள கணக்காய்வாளர் மொத்த விகிதத்தை ஏற்பதில்லை. வழங்கிய மாதவாரியாகப் புள்ளிகளைப் பிரித்த பட்டியலைக் கேட்பார். ஒரு குறிப்பிட்ட மாதத்தில் கொடுத்த புள்ளிகளை மட்டும் எடுத்து, அவை காலாவதியாகும் நாள் வரை பின்தொடர்ந்து, எத்தனை பயன்பட்டன, எத்தனை செத்தன என்று பார்ப்பார். ஆயுள் முடிந்த புள்ளிகள்தான் நம்பத்தக்க சாட்சி.

அதற்கு முன் இன்னொரு வேலை உண்டு. தொடக்க இருப்புடன் வழங்கியதைக் கூட்டி, பயன்படுத்தியதையும் காலாவதியானதையும் கழித்தால் முடிவு இருப்பு வர வேண்டும். பண்டிகைக் கால 'இரட்டைப் புள்ளி' சலுகை, வாடிக்கையாளர் புகாருக்காகக் கையால் சேர்த்த புள்ளி ஆகியவை விடுபடும்போது இந்தக் கணக்கு இடிக்கும். விதிமுறைத் தாளில் 24 மாதம் என்றிருக்க, கணினி 12 மாதத்திலேயே புள்ளிகளை அழித்துக்கொண்டிருந்தாலும் இங்கே தெரியவரும். ரசீதுகள் சிலவற்றை எடுத்து, அதற்குரிய புள்ளி உறுப்பினர் கணக்கில் ஏறியதா என்றும் பார்க்கப்படும்.

கடைசியாக, சென்ற ஆண்டு நிர்வாகம் சொன்ன விழுக்காட்டையும் பிறகு உண்மையில் நடந்ததையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். மதிப்பீடுகளைச் சோதிப்பதற்கான ஐ.எஸ்.ஏ. 540 என்ற கணக்காய்வு விதி இதைக் கட்டாயமாக்குகிறது. ஒருமுறை பிசகுவது இயல்பு. ஆண்டுதோறும் லாபம் கூடும் பக்கமாகவே பிசகினால், அது கவனிக்க வேண்டிய அறிகுறி.

கனடாவில் நடந்தது

கடந்தகால அனுபவம் எல்லா நேரமும் வழிகாட்டாது என்பதற்குக் கனடாவின் ஏரோபிளான் விமானப் பயணப் புள்ளித் திட்டம் பெரிய பாடம். ஏர் கனடா 1984-இல் தொடங்கிய இத்திட்டம் பின்னர் எய்மியா என்ற நிறுவனத்தின் கைக்குப் போனது. சேர்த்த மைல்கள் ஏழு ஆண்டில் காலாவதியாகும் என்ற விதி 2006-இல் அறிவிக்கப்பட்டது. அதன்படி, முதல் தொகுதி மைல்கள் 2013 இறுதியில் அழிய வேண்டும்.

ஆனால் 2013-இன் நடுப்பகுதியில் நிறுவனம் மனம் மாறியது. திட்டத்தைத் தொடர்ந்து பயன்படுத்தும் உறுப்பினர்களுக்கு அந்த ஏழாண்டு விதியைக் கைவிடுவதாக அறிவித்தது. உறுப்பினர்களுக்கு மகிழ்ச்சி. ஆனால் கணக்கில், 18 விழுக்காடு மைல்கள் பயன்படுத்தப்படாது என்றிருந்த மதிப்பீட்டை 11 விழுக்காடாகக் குறைக்க வேண்டியதாயிற்று. பல ஆண்டுகளாகக் குவிந்திருந்த மைல்கள் அனைத்துக்கும் அந்த மாற்றம் பொருந்தியதால், எய்மியாவின் வருமானத்திலிருந்து 66 கோடி கனடா டாலருக்கும் மேல் கழிக்கப்பட்டது. அன்று ஒரு காசுகூட வெளியே போகவில்லை. முன்பே வருமானமாக எழுதியிருந்த தொகை மீண்டும் கடனானது.

ஏழு விழுக்காட்டு மாற்றம் இவ்வளவு செய்யும் என்பதால், கணக்காய்வாளர் பழைய பட்டியலோடு நிற்பதில்லை. காலாவதி விதி மாறியதா? புதிய செயலி வந்ததா? முன்பு அட்டையைக் காட்ட வேண்டியிருந்த இடத்தில் இப்போது கைப்பேசி எண் சொன்னாலே போதுமா? புள்ளி முடியப் போகிறது என்று குறுஞ்செய்தி போகிறதா? இவை ஒவ்வொன்றும் மக்கள் புள்ளியைப் பயன்படுத்துவதைக் கூட்டும், பிரேக்கேஜைக் குறைக்கும்.

தீபாவளிப் பற்றுச்சீட்டின் கதை

பரிசு அட்டைக்கும் பற்றுச்சீட்டுக்கும் இதே தத்துவம்தான். தீபாவளிக்கு ஒரு தொழிற்சாலை தன் ஊழியர்களுக்காக 50 வெள்ளிப் பற்றுச்சீட்டு ஆயிரம் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கடைக்கு 50,000 வெள்ளி வந்துவிட்டது. ஆனால் ஒரு வெள்ளிகூட இன்னும் விற்பனை இல்லை, முழுவதும் கடன்.

பத்து விழுக்காடு, அதாவது 5,000 வெள்ளி, கடைக்கு வராது என்று பல ஆண்டு அனுபவம் காட்டினாலும், அதை முதல் நாளே லாபமாக எழுதக் கூடாது. வரக்கூடிய 45,000 வெள்ளியில் 27,000 வெள்ளிக்குப் பொருள் வாங்கப்பட்டால், அது 60 விழுக்காடு. அப்போது 5,000-இலும் 60 விழுக்காடான 3,000 வெள்ளியை மட்டுமே எழுதலாம். முழு 5,000-ஐயும் முன்கூட்டியே எழுதுவது கணக்காய்வில் பிடிபடும் தவறுகளில் ஒன்று. அனுபவமே இல்லாத புதிய கடை, யாரும் கேட்டு வருவதற்கான வாய்ப்பு மிகவும் அரிதாகும் வரை எதையும் எழுத முடியாது. கேட்கப்படாத பணத்தை அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று சட்டம் சொல்லும் நாடுகளில், அந்தப் பங்கு கடைக்கு வருமானமே ஆகாது.

இது எவ்வளவு பெரிய தொகை என்பதற்கு ஸ்டார்பக்ஸ் ஓர் எடுத்துக்காட்டு. 2023 நிதியாண்டில் மட்டும், வாடிக்கையாளர்கள் அட்டையில் போட்டு வைத்துப் பயன்படுத்தாத பணத்திலிருந்து அந்நிறுவனம் வருமானமாகக் காட்டியது 20 கோடி அமெரிக்க டாலருக்கும் அதிகம்.

கடை மூடினால், பற்றுச்சீட்டு வைத்திருப்பவர் பொதுவாக வங்கியைப்போல் பிணை பெற்ற கடன்காரர் அல்ல. வரிசையில் பின்னால் நிற்பவர். 2013 ஜனவரியில் பிரிட்டனின் எச்.எம்.வி. இசைக்கடை நிறுவனம் நொடித்தபோது, பரிசு அட்டைகள் ஏற்கப்படாது என்றே முதலில் அறிவிக்கப்பட்டது. எதிர்ப்பு கிளம்பிய பிறகே அந்த முடிவு மாற்றப்பட்டது.

பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்களின் ஆண்டறிக்கையில் 'ஒப்பந்தக் கடன்பொறுப்பு' என்ற குறிப்பின் கீழ் இந்தத் தொகையைப் பார்க்கலாம். விற்பனை வளரும்போது அந்தத் தொகை மட்டும் சுருங்கினால், காரணம் அடுத்த வரிகளில் இருக்க வேண்டும். பத்து முத்திரைக்கு ஒரு தேநீர் இலவசம் என்று அட்டை கொடுக்கும் சிறு கடைக்காரருக்கும் இதே நிலைதான். கொடுத்த முத்திரை எத்தனை, திரும்பி வந்த அட்டை எத்தனை என்று மாதந்தோறும் ஒரு நோட்டில் குறித்து வந்தால், எத்தனை தேநீர் இன்னும் கடன் என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.

வாடிக்கையாளருக்கு இதில் உள்ளது ஒரே விஷயம். வீட்டு அலமாரியில் கிடக்கும் பற்றுச்சீட்டின் பின்புறம் ஒரு தேதி அச்சிடப்பட்டிருக்கும். அந்தத் தேதி வரை அது கடை அவருக்குத் தர வேண்டிய கடன். தேதி தாண்டிவிட்டால், கடையின் விதிமுறை இடம் தராதவரை, அது கடையின் வருமானம்.