நிலத்தின் வெப்பமும் கடலின் ஏற்றமும்: செலவுக் கணக்கு சொல்வது என்ன?

கடன் கேட்டு வரும் எந்தத் திட்டத்திலும் நாம் இரண்டு கேள்விகளை எழுப்புகிறோம். பணம் எப்போது செலவாகிறது? வருவாய் எப்போது உறுதியாகிறது? புவிவெப்ப மின்சாரத்தையும் ஓத மின்சாரத்தையும் இதே அளவுகோலால் நோக்கினால், அவை ஏன் பரவவில்லை என்பது விளங்கும்.

லடாக்கின் புகா பள்ளத்தாக்கில், ஏறத்தாழ 4,400 மீட்டர் உயரத்தில் வெந்நீர் ஊற்றுகள் கொதிக்கின்றன. இத்தகைய இடத்தில் ஆழ்துளையிட்டு வெந்நீரை மேலே கொணர்வார்கள். அதன் வெப்பம் மிதமானதாயின், குறைந்த வெப்பத்திலேயே ஆவியாகும் வேறொரு திரவத்தை அதனால் சூடாக்குவார்கள். அந்த ஆவி சுழலியைச் சுழற்றும். குளிர்ந்த நீர் மீண்டும் நிலத்துக்குள் செலுத்தப்படும். வெப்பம் இரவும் பகலும் கிடைப்பதால் மின்சாரமும் இடைவிடாது வரும்.

ஆயினும் நிலத்தடியில் எவ்வளவு வெப்பநீர் உள்ளது என்பது துளையிட்ட பின்னரே உறுதியாகும். பெருஞ்செலவு முதலில், விடை பின்னர். புகாவில் 1 மெகாவாட் முன்னோடி நிலையத்துக்கு ஓ.என்.ஜி.சி. நிறுவனம் 2021-இல் ஒப்பந்தம் செய்தது. 2022-இல் துளையிட்டபோது வெந்நீர் பீறிட்டு ஓடையில் கலந்ததால் பணி நிறுத்தப்பட்டது. அன்றியும், மின்சாரம் மிகுதியாகத் தேவைப்படும் நகரங்கள் அங்கிருந்து நெடுந்தொலைவில் உள்ளன.

ஓத மின்சாரத்தில் ஐயம் வேறு வகையினது. கடல் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்பதைப் பல ஆண்டுகளுக்கு முன்னரே கணக்கிடலாம். கழிமுகத்தில் அணை கட்டி, ஏற்றத்தில் நீரைத் தேக்கி, இறக்கத்தில் சுழலி வழியே வெளிவிடுவார்கள். இதற்கு ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே பல மீட்டர் வேறுபாடு வேண்டும். நம் நாட்டில் காம்பே வளைகுடா, கட்ச் வளைகுடா, சுந்தரவனம் ஆகியவையே இதற்குக் குறிப்பிடத்தக்க இடங்கள்.

சுந்தரவனத்தின் துர்காதுவானி ஓடையில் 3.75 மெகாவாட் நிலையம் திட்டமிடப்பட்டது. மதிப்பீடு 238 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஒரு மெகாவாட்டுக்கு ஏறத்தாழ 63.5 கோடி. சூரிய மின்நிலையத்துக்கு ஒரு மெகாவாட்டுக்குச் சில கோடிகளே போதும். எனவே திட்டம் கைவிடப்பட்டது.

சுழலியும் நாள் முழுதும் முழுவேகத்தில் சுழலாது. பிரான்சின் ரான்ஸ் ஆற்று முகத்தில் 1966 முதல் இயங்கும் நிலையத்தின் திறன் 240 மெகாவாட். ஆண்டு உற்பத்தி ஏறத்தாழ 50 கோடி யூனிட். இடைவிடாது இயங்கினால் கிடைக்கக்கூடியதில் இது கால்பங்கே. அணை கட்டியபின் கழிமுகத்தில் வண்டல் படிந்து, உயிரினங்களின் வாழ்விடமும் மாறியது. எனினும் அது ஓடி வருகிறது. கட்டுமானச் செலவை அடைத்துத் தீர்க்க நெடுங்காலம் கிடைத்ததே அதன் வலிமை.

ஆகவே புவிவெப்பத்துக்குத் தேவை, துளையிடும் இடரை ஏற்கும் முதலீடு. ஓதத்துக்குத் தேவை, பல பத்தாண்டுகள் காத்திருக்கும் முதலீடு. குறுகிய தவணையில் வட்டி கட்ட வேண்டிய பணம் இவ்விரண்டிற்கும் பொருந்தாது.