அம்மாவுக்கு முன்னால் உதிரும் 'லா'

இத்தாலிய மொழியில் 'என் வீடு' என்பதற்கு 'மியா காசா' என்று சொன்னால் பெரும்பாலும் போதாது. 'லா மியா காசா' என்பார்கள். 'மியா' என்றால் 'என்'. முன்னால் நிற்கும் 'லா' ஆங்கில 'தி' போன்ற ஆர்ட்டிக்கிள். ஆண்பால் சொல்லானால் அது 'இல்' ஆகும்: 'இல் மியோ லீப்ரோ', என் புத்தகம்.

உறவுக்காரர் வந்தால் கதை மாறும். என் அம்மா 'மியா மாத்ரே', என் அண்ணனோ தம்பியோ 'மியோ ஃப்ரதெல்லோ'. ஆர்ட்டிக்கிள் காணாமல் போய்விடும்.

ஆனால் ஒருவரைக் குறிக்கும்போது மட்டுமே இந்தச் சலுகை. சகோதரர்கள் பலரானால் 'இ மியெய் ஃப்ரதெல்லி' என்று பன்மை ஆர்ட்டிக்கிள் திரும்பிவிடும். 'அவர்களுடைய' என்ற 'லோரோ' வந்தால், ஒரே அப்பாவானாலும் 'இல் லோரோ பாத்ரே'தான். செல்லமாகத் தங்கச்சி என்றாலும் 'லா மியா சொரெல்லீனா'.

தமிழில் இவற்றுக்கெல்லாம் 'என்', 'அவர்களுடைய' என்பதே போதும். 'லா'வை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. சிக்கல் எதிர்த்திசையில் வரும். 'என் அக்கா' என்பதை வெறுமனே 'மியா சொரெல்லா' என்றால் மூத்தவள் என்ற பொருள் போய்விடும். அதைக் காக்க 'மஜ்ஜோரே' சேர்க்க வேண்டும். அடைமொழி வந்தால் ஆர்ட்டிக்கிளும் வரும் என்பது இலக்கண விதி: 'லா மியா சொரெல்லா மஜ்ஜோரே'. பேச்சில் பலர் அதை விட்டுவிடுவதும் உண்டு.