கடிதம் யார் கையால் போக வேண்டும்?

எஸ்.எம்.ஏ. எனப்படும் தண்டுவடத் தசைநார் சிதைவு நோயின் முதல் வகை, குழந்தைக்கு ஆறு மாதம் ஆவதற்குள்ளேயே தலைகாட்டிவிடும். கழுத்து நிற்காது, கால் அசைவு குறையும், பால் குடிக்கவே திணறும். சிகிச்சை இல்லாவிட்டால் இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் இரண்டு வயதுக்குள் இறந்துவிடுவார்கள், அல்லது மூச்சுக்கருவியிலேயே வாழ நேரிடும். இதற்கான மரபணு மருந்து சோல்ஜென்ஸ்மாவுக்கு அமெரிக்காவில் 2019 மே மாதம் ஒப்புதல் கிடைத்தது. அப்போது அது இந்தியாவில் விற்பனையில் இல்லை. விலையோ நம் பணத்தில் பதினாறு கோடி.

இந்த நிலையில் பெற்றோர் முதலில் செய்வது, மருந்து நிறுவனத்துக்குத் தாங்களே மின்னஞ்சல் அனுப்புவது. குழந்தையின் படத்தையும் இணைத்து, உள்ளதையெல்லாம் கொட்டி எழுதுவார்கள். 'உங்கள் மருத்துவர் மூலம் தொடர்புகொள்ளுங்கள்' என்று இரண்டு வரியில் பதில் வரும். படிக்கும்போது கல்நெஞ்சமாகத் தெரியும். ஆனால் அது மறுப்பு இல்லை. உள்ளூரில் ஒப்புதல் பெறாத மருந்தை நிறுவனம் ஒரு குடும்பத்தின் கையில் கொடுக்க முடியாது. அதைச் செலுத்தவும், பக்கவிளைவு வந்தால் பார்க்கவும், நடந்ததை நிறுவனத்துக்குத் தெரிவிக்கவும் பொறுப்பேற்கும் ஒரு மருத்துவர் வேண்டும். ஆகவே கோரிக்கை அவர் பெயரில்தான் போக வேண்டும். நிறுவனத்துக்கு எழுதுவதில் பெற்றோர் செலவிடும் வாரங்களை, எஸ்.எம்.ஏ. குழந்தைகளைப் பார்த்துப் பழகிய நரம்பியல் மருத்துவர் ஒருவரைத் தேடுவதில் செலவிட்டால் அதுவே பெரிய முன்னேற்றம்.

மருத்துவரின் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்? எட்டு மாதக் குழந்தை ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதலில் மரபணுச் சோதனை அறிக்கை. எஸ்.எம்.என்.1 என்ற மரபணு இல்லை என்பதையும், அதன் குறையை ஓரளவு ஈடுசெய்யும் எஸ்.எம்.என்.2 எத்தனை பிரதிகள் இருக்கின்றன என்பதையும் அது சொல்ல வேண்டும். 'எஸ்.எம்.ஏ. என்று சந்தேகம்' என எழுதிய சீட்டு பயன்படாது. அடுத்து, குழந்தை எப்படி மூச்சுவிடுகிறது, எப்படி விழுங்குகிறது, கல்லீரல் எப்படி இருக்கிறது என்ற விவரங்கள். இந்த மருந்தின் பெரிய ஆபத்து கல்லீரலில்தான். அதனால்தான் மருந்து ஏற்றுவதற்கு முந்தைய நாளே ஸ்டீராய்டு தொடங்கி, குறைந்தது ஒரு மாதம் கொடுக்கிறார்கள்.

கடைசியாக ஓர் இரத்தப் பரிசோதனை. மருந்தின் மரபணுவைச் சுமந்து செல்வது ஏஏவி9 என்ற, நோய் உண்டாக்காத வைரஸ். குழந்தையின் உடலில் அந்த வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருள் முன்பே அதிகமாக இருந்தால் மருந்தைக் கொடுப்பதில்லை. வாழ்நாளில் ஒரே முறை ஏற்றும் மருந்து இது. ஏற்றிய பிறகு எதிர்ப்பொருள் உண்டாகிவிடுவதால், தவறினால் மறுபடி ஏற்றவும் வழியில்லை.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் நிறுவனம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கட்டாயம் ஏதுமில்லை. மருந்து அதன் சொத்து. ஒப்புதல் தரும் அரசு அமைப்பு நிறுவனத்தை 'கொடு' என்று உத்தரவிடுவதில்லை, கொடுக்க முன்வந்தால் அனுமதிக்கும், அவ்வளவே. நோவார்ட்டிஸ் 2019 டிசம்பரில் ஓர் ஏற்பாட்டை அறிவித்தது: மருந்துக்கு ஒப்புதல் இல்லாத நாடுகளிலுள்ள, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஆண்டுக்கு 100 பேர் வரை இலவசம். தகுதியான குழந்தைகளின் பெயர்களிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குலுக்கல். உற்பத்தி குறைவு, எந்த நாட்டுக்கும் சாதகம் காட்டக் கூடாது என்பது நிறுவனத்தின் விளக்கம். யாருக்கு அவசரம் அதிகம் என்று பாராமல் அதிர்ஷ்டத்திடம் விடுவதா என்று நோயாளி அமைப்புகள் கொதித்தன. என் மனமும் அவர்கள் பக்கமே. மூச்சுத்திணறல் முற்றிக்கொண்டிருக்கும் குழந்தையும் பொறுக்க அவகாசமுள்ள குழந்தையும் ஒரே பெட்டியில் சீட்டாக விழுவதை என்னால் நியாயம் என்று ஏற்க முடியவில்லை. ஆனாலும் அந்தக் குலுக்கலில்தான் இந்தியக் குழந்தைகள் சிலருக்கு மருந்து கிடைத்தது. 2021இல் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒரு குழந்தைக்கும் கிடைத்தது.

நிறுவனம் 'சரி' என்ற பிறகே டெல்லியின் வேலை தொடங்குகிறது. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் போக இரண்டு வழிகள் உண்டு. ஒரு குறிப்பிட்ட நோயாளியின் சொந்தப் பயன்பாட்டுக்கு என்றால் 12ஏ படிவத்தில் விண்ணப்பம். பதிவுபெற்ற மருத்துவரின் மருந்துச் சீட்டு உடன் இருக்க வேண்டும். அனுமதி 12பி படிவத்தில் வரும். மருத்துவமனையே தன் நோயாளிகளுக்காக வரவழைப்பதென்றால் 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் விதிகளின்படி சிடி-24 விண்ணப்பம், சிடி-25 உரிமம். இந்த இரண்டாம் வழி உயிருக்கு ஆபத்தான நோய், நிரந்தர ஊனம் உண்டாக்கும் நோய், வேறு சிகிச்சை இல்லாத நோய் ஆகியவற்றுக்கானது.

சட்டம் இங்கே பெரிய தடையாக இருப்பதில்லை. தாள்கள் ஒன்றோடொன்று பொருந்தாததுதான் அடிக்கடி நடக்கும் கோளாறு: ஆதாரில் ஒரு பெயர், மரபணு அறிக்கையில் இன்னொரு எழுத்துக்கூட்டல், மருந்துச் சீட்டில் 'பேபி ஆஃப்' என்று தாயின் பெயர். மூன்றும் ஒரே குழந்தைதான் என்று அதிகாரிக்கு எப்படித் தெரியும்? விண்ணப்பிக்கும் முன்பே எல்லாவற்றையும் ஒரே பெயருக்குக் கொண்டுவந்துவிடுவது நல்லது.

சுங்கத் தீர்வை முன்பு தனிச் சுமையாக இருந்தது. 2023 ஏப்ரல் முதல், அரசின் அரிய நோய்கள் கொள்கைப் பட்டியலில் உள்ள நோய்களுக்குச் சொந்தப் பயன்பாட்டுக்காக வரும் மருந்துகளுக்கு அடிப்படைச் சுங்கத் தீர்வை இல்லை. ஆனால் மத்திய அல்லது மாநில சுகாதார இயக்குநரோ மாவட்ட மருத்துவ அதிகாரியோ தரும் சான்றிதழ் வேண்டும். பெட்டி விமான நிலையத்தில் இறங்கிய பிறகு அதைத் தேடி ஓடக் கூடாது. சோல்ஜென்ஸ்மா உறைநிலையில் வரும். பெற்றுக்கொண்டு குளிர்பெட்டியில் வைத்தபின் 14 நாட்களுக்குள் ஏற்றியாக வேண்டும்.

எடையையும் மறக்கக் கூடாது. இந்த மருந்து குழந்தையின் எடைக்கேற்ப, அரை கிலோ இடைவெளியில் தனித்தனிப் பெட்டியாகத் தயாராகிறது. கோரிக்கை அனுப்பியபோது ஆறரைக் கிலோ இருந்த குழந்தை, அனுமதி வருவதற்குள் ஏழரை ஆகியிருக்கலாம். மருந்து அனுப்பும் தேதி முடிவானதும் மருத்துவமனை எடையை மறுபடி பார்த்து நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும்.

தினமும் வாய்வழி கொடுக்கும் ரிஸ்டிப்ளாம் போன்ற மருந்துக்கு வேறொரு கேள்வி உண்டு. அதை ரோஷ் நிறுவனம் இந்தியாவில் விற்பனைக்கு வருமுன் கருணை அடிப்படையில் சில நோயாளிகளுக்குக் கொடுத்தது. 2021 ஜூலையில் அது கடைக்கு வந்தது. இப்படிப்பட்ட ஏற்பாடுகள் விற்பனை தொடங்கியதும் புதியவர்களுக்கு மூடப்படுவது வழக்கம். ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருப்பவருக்கு எதுவரை இலவசம் என்பதை, முதல் பாட்டில் வருமுன்பே மருத்துவர் மூலம் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

'முடியாது' என்று பதில் வந்தால் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். வயது தாண்டிவிட்டது என்றால் அந்தக் கதவு மூடியது. வேறு மருந்தையோ, ஆட்கள் சேர்க்கும் மருந்து ஆய்வையோ மருத்துவர் தேடலாம். கையிருப்பு இல்லை என்றால் காத்திருப்போர் பட்டியல் உண்டா என்று கேட்கலாம். ஏஏவி9 எதிர்ப்பொருள் அதிகம் என்றால் அது முடிந்த கதை அல்ல. சின்னக் குழந்தைகளிடம் இருப்பது தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருளாகவும் இருக்கலாம். நாளாக நாளாக அது குறையும். சில வாரம் கழித்து மறுபடி சோதித்து, அளவு இறங்கியிருந்தால் அதே கோரிக்கையைப் புதிய அறிக்கையோடு திரும்ப அனுப்பலாம்.