படிக்கற்களுக்கு நடுவே ஒரு மடக்கை

1827-ல் கிரெல்லே என்பவர் பெர்லினிலிருந்து நடத்திவந்த கணித இதழில் ஒலிவியர் என்பவர் ஒரு விதியை எழுதினார். முடிவில்லாமல் நீளும் ஒரு தொடரின் n-ஆவது உறுப்பை n-ஆல் பெருக்குங்கள். அந்தப் பெருக்கல் தொகை பூச்சியத்தை நோக்கிச் சுருங்கிக்கொண்டே போனால் தொடரின் கூட்டுத்தொகை ஒரு குறிப்பிட்ட எண்ணில் நின்றுவிடும், அதாவது தொடர் குவியும் என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அடுத்த ஆண்டே அதே இதழில் நார்வேக்காரரான ஏபெல் ஒரே ஒரு தொடரைக் காட்டி விதியைக் கவிழ்த்தார். அந்தத் தொடரில் மடக்கை இருந்தது.

ஒலிவியர் சறுக்கிய இடம் இன்றும் கல்லூரி முதலாண்டு மாணவர்கள் சறுக்கும் இடம். அதைப் புரிந்துகொள்ளத் தராசிலிருந்து தொடங்கலாம்.

ஒரு தொடர் குவியுமா, வரம்பில்லாமல் விரியுமா என்று கூட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது. கோடி உறுப்புகளைக் கூட்டினாலும் மிச்சம் முடிவில்லாமல் இருக்கும். ஆகவே எடை தெரிந்த ஒன்றோடு வைத்து நிறுக்கிறோம். நம்மிடம் உள்ள படிக்கற்கள் 1/n^p என்ற வகைத் தொடர்கள். p ஒன்றைவிடப் பெரிதானால் குவியும்; ஒன்றோ அதற்குக் குறைவோ ஆனால் விரியும். எல்லைக்கல்லாக நிற்பது 1/n, இசைத் தொடர். அது விரியும்.

நேரடி ஒப்பீடு எளிமையானது. உறுப்புகள் எல்லாம் மிகை எண்களாக இருக்கும்போது, குவியும் தொடர் ஒன்றைவிட நம் தொடர் சிறிதானால் அதுவும் குவியும். விரியும் தொடர் ஒன்றைவிடப் பெரிதானால் அதுவும் விரியும். திசை மாறிவிட்டால் தராசு பேசாது. விரியும் தொடரைவிடச் சிறியது என்பதால் ஒன்றும் தெரியாது.

மூலங்கள் வரும் தொடர்களில் இந்தத் திசைச் சிக்கல் உடனே தலைகாட்டும். 1/√(n³−n) என்ற தொடரை எடுத்துக்கொள்வோம். N இரண்டிலிருந்து தொடங்கட்டும். n பெரிதாகும்போது n³-க்கு முன்னால் அந்த n ஒரு பொருட்டே அல்ல. ஆகவே உறுப்பு கிட்டத்தட்ட 1/n^1.5. அது குவியும் படிக்கல். ஆனால் பகுதியில் n-ஐக் கழித்திருப்பதால் நம் உறுப்பு படிக்கல்லைவிட ஒரு மயிரிழை பெரிது. நேரடி ஒப்பீடு இங்கே நின்றுவிடும்.

எல்லை ஒப்பீடு இதற்குத்தான் வந்தது. எது பெரிது என்று கேட்காமல், இரண்டுக்கும் உள்ள விகிதம் எங்கே போய் நிற்கிறது என்று அது கேட்கிறது. இங்கே விகிதம் n=2-ல் 1.155, n=10-ல் 1.005; போகப்போக 1-ஐ நெருங்குகிறது. பூச்சியமும் அல்லாத, முடிவிலியும் அல்லாத ஒரு மிகை எண்ணில் விகிதம் நின்றால் இரண்டு தொடர்களுக்கும் ஒரே கதி. ஆகவே இதுவும் குவியும். மூலங்கள் எப்படிப் பின்னிக் கிடந்தாலும் கடைசியில் n-இன் ஏதோ ஓர் அடுக்குதான் மிஞ்சும். அதற்குப் பொருந்தும் படிக்கல் நம்மிடம் இருக்கும்.

மடக்கை அப்படி இல்லை. அது n-இன் எந்த அடுக்கோடும் பொருந்தாது. ln(n)/n^1.5 என்ற தொடரை நிறுத்துப் பார்ப்போம். 1/n^1.5-ஐ வைத்தால் விகிதம் ln(n). அது முடிவிலிக்குப் போகிறது. குவியும் தொடரைவிட நம்முடையது கனமானது என்பதே இதன் பொருள். அதிலிருந்து முடிவு இல்லை. 1/n-ஐ வைத்தால் விகிதம் ln(n)/√n. அது பூச்சியத்துக்குப் போகிறது. விரியும் தொடரைவிட நம்முடையது இலேசானது. அதிலும் முடிவு இல்லை.

இரண்டு தோல்விகளும் சேர்ந்து வழி காட்டுகின்றன. ஒரு கல் பாரம் போதவில்லை, மற்றது அதிகம். நடுவில் ஒன்றை எடுப்போம்: 1/n^1.25. இப்போது விகிதம் ln(n)/n^0.25. n=100-ல் அது 1.46. பத்தாயிரத்தில் 0.92. பத்துக் கோடியில் 0.18. அது பூச்சியத்தை நோக்கி இறங்குகிறது. இந்த முறை கையில் இருப்பதோ குவியும் கல். அதைவிட இலேசான தொடர் குவிந்தே ஆகவேண்டும். 1.25-இல் தனிச் சிறப்பு எதுவும் இல்லை, 1-க்கும் 1.5-க்கும் இடையில் எந்த அடுக்கும் இதே வேலையைச் செய்யும்.

நேரடி ஒப்பீட்டாலும் இதை முடிக்கலாம். ஆனால் அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. மடக்கை மெதுவாக வளரும் என்று கேட்டிருப்பதால் பலர் யோசிக்காமல் ln(n) < n^0.25 என்று எழுதிவிடுகிறார்கள். n ஐந்திலிருந்து 5,503 வரை அது தவறு. அடுக்கு 0.1 ஆனால் மூலம் மடக்கையை முந்திச்செல்ல n ஏறத்தாழ 3,400 இலட்சம் கோடியைத் தாண்டவேண்டும். முந்துவது உறுதி, எப்போது என்பதுதான் கேள்வி. குவிதலை முதல் சில ஆயிரம் உறுப்புகள் தீர்மானிப்பதில்லை என்பதால் ‘n போதிய அளவு பெரிதானபின்’ என்று சேர்த்தால் பிழை நீங்கும். எல்லா n-க்கும் பொருந்தும் வரம்பு வேண்டுமானால், x-இன் மடக்கை எப்போதும் x-ஐவிடச் சிறியது என்பதில் x-க்குப் பதிலாக n^0.25-ஐ வையுங்கள், ln(n) < 4n^0.25 என்று கிடைக்கும். அந்த 4 தொடரின் கதியை மாற்றாது.

இனி ஏபெலின் தொடர்: 1/(n ln n). ஒலிவியர் சொன்னபடி n-ஆல் பெருக்கினால் 1/ln(n). அது பூச்சியத்துக்குப் போகிறது. இதையே நம் மொழியில் சொன்னால், 1/n-ஓடு எல்லை ஒப்பீடு செய்து பூச்சியம் பெற்றிருக்கிறோம். விரியும் கல்லோடு வந்த பூச்சியத்துக்குப் பொருள் இல்லை. ஒலிவியர் அதற்குப் பொருள் கொடுத்துவிட்டார். சரி, நடுவில் ஒரு கல் எடுக்கலாமா? 1/n^1.01-ஐயோ 1/n^1.0001-ஐயோ எடுத்தாலும் விகிதம் முடிவிலிக்கே போகிறது. 1/n-க்கும் குவியும் கற்கள் அத்தனைக்கும் இடையிலுள்ள சந்தில் இந்தத் தொடர் உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே உறுப்புகளைக் கட்டுக் கட்டாகப் பிரிக்கவேண்டும். 3, 4 ஒரு கட்டு. 5 முதல் 8 வரை அடுத்தது. 9 முதல் 16 வரை அதற்கடுத்தது. 2^k-இல் முடியும் கட்டில் அந்த எண்ணில் பாதி அளவு உறுப்புகள் இருக்கும். அவற்றில் மிகச் சிறியது கடைசி உறுப்பு. அதன் பகுதி 2^k-ஐ k ln 2-ஆல் பெருக்கியது. எனவே கட்டின் கூட்டுத்தொகை 0.72/k-க்குக் குறையாது. 1/k மறுபடி இசைத் தொடர்! தொடர் விரிகிறது. கணினியில் கூட்டினால் இது தெரியாது: பத்து இலட்சம் உறுப்புகளுக்குப் பின் தொகை 3.4 மட்டுமே; அது 10-ஐத் தொட n-க்கு 4,300 இலக்கங்களுக்கு மேல் வேண்டும்.

இதே கட்டுமுறையில் 1/(n (ln n)²)-ஐப் பிரித்தால் 1/k² அளவுள்ள கட்டுகள் வரும், அது குவிகிறது. இப்படிச் சந்தில் வைக்க இரண்டு புதிய கற்கள் கிடைத்தன. ஆனால் அவற்றுக்கு இடையிலும் சந்து உண்டு: 1/(n ln n · ln ln n) விரியும், அதன் கடைசிக் காரணியை வர்க்கமாக்கினால் குவியும். ஏபெல் 1828-ல் காட்டியதும் இதுதான். ஒலிவியரின் n-க்குப் பதிலாக வேறு எந்தப் பெருக்கியை வைத்தாலும், பெருக்கல் தொகை பூச்சியத்துக்குப் போகிறதா என்பதை மட்டும் கொண்டு குவியும் தொடர்களையும் விரியும் தொடர்களையும் பிரித்துவிட முடியாது. பூச்சியமானாலும் விரிகிற ஒரு தொடரையோ பூச்சியமாகாமலே குவிகிற ஒரு தொடரையோ எப்போதும் கண்டுபிடிக்கலாம். எல்லாத் தொடர்களையும் நிறுக்கும் ஒற்றைப் படிக்கல் கிடையாது.