எத்தனை பேர் இருக்கிறோம் சார்?

இரண்டாவது ரவுண்டு முடிந்து ஒரு வாரம். போன் வரவில்லை. "நான் செலக்ட் ஆயிட்டேனா?" என்று எச்ஆரிடம் கேட்டால் "சொல்றோம்" என்பார். முடிவெடுப்பது அந்த டீமின் மேனேஜர். எச்ஆருக்கு உங்கள் இடம் தெரியாமலேகூட இருக்கலாம். ஆனால் எத்தனை பேர் மிச்சம் என்பது தெரியும். அதைக் கேளுங்கள்:

"சார், கடைசி ரவுண்டுக்கு எத்தனை பேர் இருக்கிறோம்? இன்னொரு இடத்தில் வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்கிறார்கள். என் விஷயத்தில் மேனேஜருக்கு ஏதாவது தயக்கம் இருந்தால் சொல்லுங்கள், விளக்கிவிடுகிறேன்."

வெள்ளிக்கிழமை நிஜமாக இருக்கவேண்டும். "அப்போ அங்கேயே சேருங்க" என்று முடித்துவிடுவார்கள்.

"மூணு பேர். உங்க நோட்டீஸ் 90 நாள்ங்கிறதுதான் இடிக்குது" என்று பதில் வந்தால், நீங்கள் நிற்கும் இடம் தெரிந்துவிட்டது. நோட்டீஸைக் குறைக்க முடியுமா என்று அன்றே விசாரித்துச் சொல்லலாம். நாள் குறிப்பிடாமல் "ப்ராசஸ் போயிட்டிருக்கு" என்றே இரண்டு முறை வந்தால், வேறொருவருக்கு ஆஃபர் போயிருக்கலாம். அப்படியென்றால் அவர் மறுத்தால்தான் உங்களுக்கு அழைப்பு.

கன்சல்டன்சிக்காரர் இன்னும் தாராளமாகப் பேசுவார். நீங்கள் சேர்ந்தால்தான் பொதுவாக அவருக்குக் கமிஷன். அதனாலேயே அவர் சொல்லும் "உங்களுக்குத்தான் சார் சான்ஸ்" என்பதைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.