தேர்ச்சி விகிதத்தில் தெரியாத மாணவிகள்

தூத்துக்குடி மாவட்ட பிளஸ் டூ ரிசல்ட்டில் கணிதத் தேர்ச்சி விகிதம் பரீட்சை எழுதியவர்களின் கணக்கு மட்டும்தான். பிளஸ் ஒன்னிலேயே கணிதம் இல்லாத குரூப்புக்குப் போன மாணவிகள் அதில் வர மாட்டாங்க.

உதாரணத்துக்கு, பத்தாம் வகுப்பில் 40 மாணவிகள் பாஸ். 10 பேர் கணிதம் எடுத்து, பத்துப் பேரும் தேறினால் தேர்ச்சி 100 சதவீதம். பங்கேற்பு வெறும் 25. பொறியியல் கட்-ஆஃப் 200இல் கணிதத்துக்கே 100 என்பதை நினைத்தால், மற்ற 30 பேருக்கு என்ன போச்சுன்னு புரியும்.

அதனால் பள்ளி பார்க்க வேண்டியது ஜூன் மாதச் சேர்க்கைப் பதிவேட்டை. நல்ல மார்க் வாங்கியும் கணிதத்தை விட்டது யார்? அந்த குரூப்பே பள்ளியில் இல்லையென்றால் அறிவுரை உதவாது. ஆசிரியர் பணியிடமோ, புன்னைக்காயல் மாதிரி கடலோர ஊருக்குப் பொருந்தும் பஸ் நேரமோ கேட்கணும். குரூப் இருந்தும் விட்டிருந்தால் அவங்களிடமே காரணம் கேட்கணும்.

சின்னப் பள்ளியில் இரண்டு பேர் மாறினாலே சதவீதம் குதிக்கும். மூன்று வருடத்தைச் சேர்த்துப் பாருங்க.